செல்லுக்குள் ஒரு சுற்று – 9: இருட்டில் பிறந்த ஏடிபி

கீரையிலிருந்து பிரித்தெடுத்த தைலகாய்டு சவ்வுகளை 1966இல் ஆந்த்ரே ஜாகன்டார்ஃபும் எர்னஸ்ட் உரிபேயும் பிஎச் 4 அளவுள்ள அமிலக் கரைசலில் ஊற வைத்தார்கள். சவ்வுப் பைகளின் உள்ளே அமிலம் ஏறியது. உடனே அவற்றை பிஎச் 8 அளவுள்ள காரக் கரைசலுக்கு மாற்றி, ஏடிபி உருவாகத் தேவையான அடினோசின் டைபாஸ்பேட்டையும் பாஸ்பேட்டையும் மட்டும் கொடுத்தார்கள். எல்லாம் இருட்டில். சில நொடிகளில் ஏடிபி உருவாகிவிட்டது. ஒளி தேவைப்பட்டது புரோட்டான்களை உள்ளே ஏற்றுவதற்கு மட்டும்தான். ஏறிய புரோட்டான்கள் ஏடிபி சிந்தேஸ் நொதி வழியே இறங்கினாலே போதும். பீட்டர் மிட்செல் 1961இல் சொன்னபோது பலர் நம்பாத கருத்து இது.

மைட்டோகாண்ட்ரியாவிலும் அதே நொதிதான். ஆனால் அதைத் தள்ளும் விசையின் சேர்மானம் வேறு. தைலகாய்டுக்குள் புரோட்டான் நுழையும்போது குளோரைடு பின்னாலேயே நுழைகிறது, மக்னீசியம் வெளியேறுகிறது. மின்னூட்டம் பெரும்பாலும் சமன்பட்டுவிடுவதால் உள்ளே அமிலத்தன்மை ஏறிக்கொண்டே போக முடிகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வு அப்படி அயனிகளை விடுவதில்லை. கொஞ்சம் புரோட்டான் வெளியேறியதுமே சவ்வின் இரு பக்கமும் சுமார் 160 மில்லிவோல்ட் அழுத்தம் நின்றுவிடுகிறது. பிஎச் வேறுபாடு அரை அலகு அளவில்தான். (உயிருள்ள இலையில் மின்னழுத்தத்துக்கும் ஓரளவு பங்குண்டு என்று இப்போது கருதுகிறார்கள்.)

ஒரு பிஎச் அலகு வேறுபாடு ஏறத்தாழ 59 மில்லிவோல்ட்டுக்குச் சமம். எனவே மைட்டோகாண்ட்ரியாவில் மொத்த விசை சுமார் 190. பிஎச் வேறுபாடு 2 உள்ள பசுங்கணிகத்தில் சுமார் 120. குறைந்த விசையில் எப்படி அதே வேலை நடக்கிறது?

விடை நொதியின் அடியில் சுழலும் வளையத்தில் இருக்கிறது. ஒரு புரோட்டான் ஏறி இறங்க ஒரு துண்டு வீதம் வளையம் நகர்கிறது. மாட்டின் மைட்டோகாண்ட்ரியாவில் 8 துண்டுகள், கீரையின் பசுங்கணிகத்தில் 14. முழுச் சுற்றுக்கு இரண்டும் தருவது 3 ஏடிபிதான். எட்டை 190ஆல் பெருக்கினால் 1520. பதினான்கை 120ஆல் பெருக்கினால் 1680. சைக்கிளில் கியரை மாற்றியதுபோல, பசுங்கணிகம் அதிகப் புரோட்டான்களைச் செலவழித்து மெல்லிய விசையிலேயே சுற்றை முடிக்கிறது.

விசை குறைந்தால் இந்த நொதி பின்னோக்கிச் சுழன்று, உள்ள ஏடிபியையே உடைக்கத் தொடங்கும். பசுங்கணிகத்துக்கு இது தினமும் மாலையில் வரும் ஆபத்து. அதனால் அங்கே நொதியின் நடுத்தண்டில் ஒரு கந்தகப் பிணைப்பு இருட்டில் பூட்டாக விழுகிறது. வெளிச்சம் வந்தபின் தயோரெடாக்சின் என்ற புரதம் அதைத் திறக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரவு பகல் கிடையாது. ஆக்ஸிஜன் நின்று உட்புறம் அமிலமாகும்போது மட்டும் ஐஎஃப்1 என்ற சிறு புரதம் நொதியின் தலையில் ஆப்பாகச் செருகிக்கொள்கிறது. ஆக்ஸிஜன் திரும்பியதும் கழன்றுவிடுகிறது.

(தொடரும்)