பறவைகள் பறக்கும்: எத்தனை பறவைகள்?

“பறவைகள் பறக்கும்” என்ற வாக்கியத்தை யாரும் மறுப்பதில்லை. நெருப்புக்கோழி, ஈமு, கிவி, பென்குயின் ஆகியவை பறக்காது என்று நன்றாகத் தெரிந்தவர்களும் அதை உண்மை என்றே ஏற்கிறார்கள். ஒரு தனிப் பறவையைப் பற்றியோ ஒரு நாள் நடந்ததைப் பற்றியோ பேசாமல், ஓர் இனத்தின் இயல்பைச் சொல்லும் இத்தகைய வாக்கியங்களைப் பொதுமை வாக்கியங்கள் எனலாம். ‘எல்லா’, ‘சில’, ‘பெரும்பாலான’ போன்ற அளவுச் சொல் எதுவும் இவற்றில் இல்லை. அப்படி ஒரு சொல் உள்ளே மறைந்திருப்பதாகக் கொண்டால் பொருள் விளங்கிவிடும் என்று முதலில் தோன்றும். எந்தச் சொல்லைப் பொருத்தினாலும் ஏதாவது ஓரிடத்தில் இடிக்கிறது என்பதே சிக்கல்.

‘எல்லா’ என்று வைத்தால் ஒரே ஒரு பென்குயின் வாக்கியத்தைப் பொய்யாக்கிவிடும். ‘சில’ என்று வைத்தால் “பறவைகள் பறக்காது” என்பதும் உண்மையாகிவிடும்; பறக்காத பறவைகள் சில இருக்கின்றன அல்லவா? எஞ்சியிருப்பது ‘பெரும்பாலான’. பறவைகளுக்கு அது பொருந்துகிறது. மற்ற வாக்கியங்களில் அது இரண்டு பக்கமும் தவறுகிறது.

“கொசுக்கள் மலேரியாவைப் பரப்பும்” என்பது உண்மை. ஆனால் மனிதருக்கு மலேரியாவைப் பரப்புவது அனாஃபிலஸ் வகைப் பெண் கொசுக்கள் மட்டுமே. அவற்றிலும் நோய்க்கிருமி தொற்றியவை மட்டுமே. உலகிலுள்ள கொசுக்களில் இவை மிகச் சிறிய பங்கு. மறுபக்கம், மனிதர்களில் ஏறக்குறைய 90 விழுக்காட்டினர் வலக்கைப் பழக்கம் உள்ளவர்கள். ஆனாலும் “மனிதர்கள் வலக்கைப் பழக்கம் உள்ளவர்கள்” என்று பொதுவாகச் சொன்னால், இடக்கைக்காரர்களை நினைத்து உடனே மறுக்கத் தோன்றுகிறது. சிறுபான்மை இருந்தும் ஒன்று உண்மையாகிறது. பெரும்பான்மை இருந்தும் மற்றொன்று நிற்கவில்லை.

‘பெரும்பாலான’ என்பதற்குப் பதில் வேறொரு விழுக்காட்டை எல்லையாக வைத்தால் என்ன? அதுவும் உதவாது என்பதை மயில் காட்டுகிறது. “மயில்கள் தோகை விரித்தாடும்” என்பது உண்மை. “மயில்கள் ஆண்” என்பது பொய். நீண்ட தோகையை விரித்தாடுபவை வளர்ந்த ஆண் மயில்கள். ஆகவே, ஆண் மயில்களின் எண்ணிக்கை தோகை விரித்தாடும் மயில்களின் எண்ணிக்கைக்கு ஒருபோதும் குறையாது. தோகை வளராத இளம் ஆண்களையும் சேர்த்தால் அது கூடுதலாகவே இருக்கும். முதல் வாக்கியத்தை உண்மையாக்க எவ்வளவு எண்ணிக்கை போதுமோ, அதைவிட அதிகம் இரண்டாவதற்கு இருக்கிறது. எண்ணிக்கையே அளவுகோல் என்றால் இரண்டாவதும் உண்மையாகியிருக்க வேண்டும். எல்லையை எங்கே வைத்தாலும் இந்த முரண் தீராது.

இதற்கு ஒரு பதில் உண்டு. முதல் வாக்கியம் ஆண் மயில்களை மட்டும் மனத்தில் வைத்துச் சொல்லப்படுகிறது என்பது அது. ஆனால் “மயில்கள் தோகை விரித்தாடும், முட்டையிடும்” என்று ஒரே வாக்கியத்திலும் சொல்லலாம். இரண்டையும் செய்யும் மயில் எதுவும் கிடையாது. ஆண்களுக்குச் சுருக்கினால் பிற்பகுதி கெடும். பெண்களுக்குச் சுருக்கினால் முற்பகுதி கெடும்.

அமெரிக்க மொழியியலாளர் கிரெக் கார்ல்சன் 1977-இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் வேறு வழியில் போனார். இத்தகைய வாக்கியத்தின் எழுவாய் தனித்தனி உயிர்கள் அல்ல, இனமே என்றார். “டோடோ பறவை அற்றுப்போய்விட்டது” என்பது இதற்கு வலுவான சான்று: ஒரு தனிப் பறவை சாகலாம், அற்றுப்போக முடியாது, அற்றுப்போவது இனம். ஆனால் பறத்தல் தனிப் பறவைகள் செய்வது. எத்தனை பறவைகள் பறந்தால் அந்தப் பண்பு இனத்தைச் சேரும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ‘இயல்பான பறவைகள் பறக்கும்’ என்று விரிப்பவர்களும் உண்டு. முட்டையிடாத ஆண் மயில் எந்த வகையில் இயல்பற்றது என்பதற்கு அவர்கள் விடை சொல்லியாக வேண்டும்.

மெய்யியலாளர் சாரா-ஜேன் லெஸ்லி 2008-இல் வெளியிட்ட கட்டுரையில் இதை மனத்தின் செயலாக விளக்கினார். பொதுமைப்படுத்துவது மனத்தின் அடிப்படைப் பழக்கம் என்றும், அது எண்ணிப் பார்ப்பதில்லை என்றும் அவர் கருதினார். உயிரினங்களில் இனப்பெருக்கம், நடமாட்டம் போன்றவற்றை இனத்தின் அடையாளமாக மனம் எதிர்பார்க்கிறது. சிலவற்றில் கண்டாலே போதும். அதனால் முட்டையிடுதல் ஏற்கப்படுகிறது. ஆபத்தான பண்பு என்றால் மிகச் சிலவற்றில் கண்டாலும் இனம் முழுவதற்கும் ஏற்றிவிடுகிறது, மலேரியா அப்படி. இவ்விளக்கமும் எல்லோராலும் ஏற்கப்படவில்லை. இது மனம் எப்போது தலையசைக்கிறது என்பதைச் சொல்கிறதே தவிர, வாக்கியம் எப்போது உண்மை என்பதைச் சொல்லவில்லை என்பது ஒரு மறுப்பு.

இந்த நெகிழ்வுக்கு ஒரு விலை உண்டு. ஆண்ட்ரே சிம்பியன், அமாண்டா பிராண்டோன், சூசன் கெல்மன் ஆகியோர் 2010-இல் கற்பனை விலங்குகளை வைத்துச் செய்த சோதனைகள் அதைக் காட்டின. ஒரு பண்பு கொஞ்சம் விலங்குகளில் மட்டும் இருந்தாலும் பொதுமை வாக்கியத்தைப் பலர் ஏற்றார்கள். அதே வாக்கியத்தை மட்டும் கேட்டபோதோ, ஏறக்குறைய எல்லா விலங்குகளுக்கும் அப்பண்பு உண்டு என்று எடுத்துக்கொண்டார்கள். குறைந்த சான்றில் நுழைந்து, மிகுந்த பொருளோடு வெளியேறுகிறது இவ்வாக்கியம். ஓர் ஊராரையோ ஒரு சமூகத்தாரையோ பற்றி “அவர்கள் இப்படித்தான்” என்று சொல்லும்போது விலக்குகளைக் காட்டி அதை வீழ்த்த முடியாததற்குக் காரணமும் இதுவே. அங்கே கேட்க வேண்டியது, எத்தனை பேர் அப்படி, எந்தச் சான்றின் பேரில் என்பதைத்தான்.