தாளில் 144, தேர்வில் 100

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வு 100 மதிப்பெண்ணுக்கு. ஆனால் வினாத்தாளில் அச்சாகியிருப்பதையெல்லாம் கூட்டினால் 144 வரும். ஒரு மதிப்பெண், இரண்டு மதிப்பெண், ஐந்து மதிப்பெண் வினாக்கள் பதினான்கு பதினான்கு; கடைசியில் எட்டு மதிப்பெண்ணுக்கு வடிவியல் வரைதலும் வரைபடமும், ஒவ்வொன்றிலும் ‘அல்லது’ போட்டு இரண்டு. இரண்டு, ஐந்து மதிப்பெண் பகுதிகளில் பத்துப் பத்து எழுதினால் போதும். மிச்சமுள்ள 44 மதிப்பெண்தான் சாய்ஸ்.

வாட்ஸ்அப்பில் வரும் ஸ்கிரீன்ஷாட்டை வைத்து எந்தப் பாடத்துக்கு எவ்வளவு என்று கணக்கிடுபவர்கள், முதலில் இந்த 144 வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு வினா படத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது. 1 முதல் 44 வரை வினா எண்களைத் தொடர்ந்து பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். எளிதில் விட்டுப்போவது பகுதியின் தலைப்பில் இருக்கும் குறிப்பு. 28ஆம் வினாவும் 42ஆம் வினாவும் கட்டாயம் என்பது அங்கேதான் இருக்கும்.

பிறகு ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே பாடத்தின் பெயரை எழுதுங்கள். ஒரு வினா இரண்டு பாடங்களைத் தொட்டால், எந்தப் பாடம் தெரியாமல் அதைப் போட முடியாதோ அதில் சேருங்கள்.

இயற்கணிதத்தில் ஒன்று, இரண்டு, ஐந்து மதிப்பெண் வினாக்கள் மும்மூன்று வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். 3, 6, 15 சேர்ந்து 24. வரைபடமும் இந்தப் பாடம்தான்; அதன் இரண்டு வினாக்களுக்கு 16. மொத்தம் 40. ஆனால் வரைபடத்தில் ஒன்றுதான் எழுத முடியும் என்பதால், மாணவர் இதில் எடுக்கக்கூடியது 32.

இந்தப் பாடத்தை அறவே விட்டால் 32 போய்விடுமா? போகாது. இரண்டு, ஐந்து மதிப்பெண் பகுதிகளில் நான்கு நான்கு வினாக்களை விடலாம். இங்கே விடுவது மூன்றுதான். போவது ஒரு மதிப்பெண் மூன்றும் வரைபடத்தின் எட்டும், ஆக 11. கட்டாயமான 42ஆம் வினா இயற்கணிதமாக அமைந்தால் இன்னும் ஐந்து சேர்ந்து 16. எந்தப் பாடத்தை முதலில் படிப்பது என்று தீர்மானிக்க இந்த இழப்புக் கணக்கே உதவும். மொத்தத்தை மட்டும் போடும் பட்டியல் இதைக் காட்டுவதில்லை.

இதே தாளில் முக்கோணவியலில் ஒரு மதிப்பெண் ஒன்று, இரண்டு மதிப்பெண் இரண்டு, ஐந்து மதிப்பெண் ஒன்று என்றால், அதை மட்டும் விடுபவருக்கு ஒரு மதிப்பெண்தான் இழப்பு, கட்டாய வினா அதில் இல்லாதவரை. இரண்டு பாடங்களையும் சேர்த்து விட்டால் 11உம் 1உம் கூட்டி 12 என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இரண்டு மதிப்பெண் பகுதியில் அப்போது விடுவது ஐந்தாகிவிடுகிறது, சாய்ஸோ நான்குக்குத்தான். ஆகவே இழப்பு 14. பாடத்துக்குப் பாடம் தனித்தனியே போட்ட இழப்புகளை அப்படியே கூட்டக் கூடாது. எந்தெந்தப் பாடங்களைச் சேர்த்து விடுகிறோம் என்று பார்த்து, ஒவ்வொரு பகுதியிலும் நான்கைத் தாண்டுகிறதா என்று மறுபடி எண்ண வேண்டும்.