ஓராண்டு வாடகையை முன்கூட்டியே செலுத்தலாமா?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதிகளிலும், மலைப்பக்கம் குமுளி, மூணாறு கடைத்தெருக்களிலும் மே, ஜூன் மாதங்களில் கட்டட உரிமையாளர்கள் வாடகைதாரரிடம் ஒரு யோசனையை முன்வைப்பதுண்டு. “மாதாமாதம் தருவதற்குப் பதிலாக ஓராண்டு வாடகையை இப்போதே தந்துவிடுங்கள், ஒரு மாத வாடகையைத் தள்ளிவிடுகிறேன்” என்பதே அது. பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணமோ, மழைக்கு முன் முடிக்கவேண்டிய கூரை வேலையோ, ஏலத்தோட்டச் செலவோ அதற்குக் காரணமாக இருக்கலாம். கேட்ட வாடிக்கையாளர் எங்கள் கிளைக்கு வந்து, “வைப்புத்தொகையை எடுத்துக் கட்டிவிடலாமா?” என்று கேட்கிறார். கேள்வி எளிது; ஆனால் பெரும்பாலோர் அதற்குப் போடும் கணக்கு தவறானது.

கடை அறையின் மாத வாடகை 10,000 ரூபாய் என்றும், ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் அது செலுத்தப்படுகிறது என்றும் கொள்வோம். ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். சலுகைப்படி இன்று 1,10,000 தந்தால் போதும். வழக்கமாகப் போடப்படும் கணக்கு இது: 1,20,000-க்கு 10,000 என்றால் 8.33 சதவீதம், வைப்புத்தொகைக்கு 7 சதவீதம் கிடைக்கிறது, ஆகவே சலுகை ஒரு சதவீதம்தான் மேல். இக்கணக்கு, பணம் முழுவதும் ஓராண்டுக் காலம் உரிமையாளரிடம் இருப்பதாக எண்ணிக்கொள்கிறது. உண்மை அதுவன்று.

இன்று தரும் 1,10,000-இல் முதல் மாத வாடகையான 10,000 எப்படியும் இன்று தரவேண்டியதே. எனவே கூடுதலாகத் தருவது 1,00,000 மட்டும். அடுத்த மாதம் முதல் 11 மாதங்களுக்கு, மாதம் 10,000 வீதம் தரவேண்டிய வாடகையை நாம் தருவதில்லை. அதாவது நாம் உரிமையாளருக்கு ஒரு லட்சம் கடன் கொடுத்திருக்கிறோம். அவர் அதை 11 தவணைகளில், மொத்தம் 1,10,000 ஆகத் திருப்பித் தருகிறார். முதல் தவணை ஒரு மாதத்திலும் கடைசித் தவணை 11 மாதத்திலும் திரும்பி வருவதால், நம் பணம் அவரிடம் இருப்பது சராசரியாக 6 மாதங்களே. ஆறு மாதத்தில் ஒரு லட்சத்துக்குப் பத்தாயிரம் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 சதவீதம். கணினியில் விரிதாள் வைத்திருப்போர் கீழ்க்கண்டதைத் தட்டச்சு செய்து துல்லியமாகப் பார்க்கலாம்.

```
=RATE(11,10000,-100000)
```

விடை மாதத்துக்கு 1.62 சதவீதம் என வரும். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் அறுபது காசு வட்டி. வாடகை மாதத் தொடக்கத்தில் அல்லாமல் மாத முடிவில் தரும் வழக்கமாயின் இது 1 ரூபாய் 37 காசு அளவுக்குக் குறையும்; ஏனெனில் அப்போது ஒவ்வொரு மாத வாடகையையும் மேலும் ஒரு மாதம் முன்னதாகத் தருகிறோம்.

இனி ஒப்பிடவேண்டியது, அந்த ஒரு லட்சம் எங்கிருந்து வருகிறது என்பதை. 7 சதவீத வைப்புத்தொகையிலிருந்து வருமாயின், சுமார் 3,800 ரூபாய்த் தள்ளுபடி கிடைத்தாலே வரவும் செலவும் சரியாகிவிடும். 10,000 என்பது மிக நல்ல சலுகை. வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன் எடுத்தால் வட்டியில் கழிக்கப்படும் தொகையை மட்டும் கிளையில் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். 10 சதவீத நகைக்கடனில் எடுத்துக் கட்டினாலும் சுமார் 5,300 ரூபாய்க்கு மேற்பட்ட தள்ளுபடி இலாபமே. ஆனால் வெளியில் இரண்டு வட்டிக்கு வாங்கிக் கட்டுவோருக்குக் கணக்கு தலைகீழாகும். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் கொடுத்து வாங்கி, ஒன்று அறுபதுக்குக் கடன் கொடுப்பதாக அது முடியும். அவர்களுக்கு 12,000 ரூபாய்க்குக் குறைந்த எந்தத் தள்ளுபடியும் இழப்பே.

வியாபாரிகள் இன்னொன்றையும் எண்ணவேண்டும். ஓணத்துக்கும் தீபாவளிக்கும் சரக்கு எடுக்க வைத்திருந்த பணத்தை வாடகையில் முடக்கிவிட்டு, பின்னர் மொத்த வியாபாரியிடம் கடனுக்குச் சரக்கு எடுத்தால், ரொக்கத்துக்குக் கிடைத்திருக்கும் விலைக்குறைப்பு போய்விடும். அந்த இழப்பும் ஒரு வட்டிதான். அது எழுதப்படுவதில்லை, அவ்வளவே.

இதுவரை கூறியது, ஓராண்டும் அந்த இடத்தில் இருப்போம் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு. இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. 11 மாதம் முடிந்து வெளியேறினால், மாத வாடகைக்காரரும் 1,10,000 தந்திருப்பார். நாமும் அவ்வளவே தந்திருப்போம். அதாவது சலுகை முழுவதும் பன்னிரண்டாம் மாதத்தில்தான் இருக்கிறது. எட்டாம் மாத முடிவில் கடையை மூடினால், திரும்பப் பெறும் ஏற்பாடு இல்லாதபோது 30,000 ரூபாய் போயிற்று. பத்தாயிரம் பெறுவதற்காக முப்பதாயிரத்தைப் பணயம் வைக்கிறோமா என்பதைத் தம் தொழிலின் நிலையைக் கொண்டு அவரவரே தீர்மானிக்கவேண்டும். பத்தாண்டாக ஓடும் மளிகைக் கடைக்கு ஒரு விடை. புதிதாகத் தொடங்கும் தேநீர்க்கடைக்கு வேறொரு விடை.

மலைப்பகுதிகளில் இந்த ஆபத்து சற்று அதிகம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மூணாறு–மறையூர்ச் சாலையில் பெரியவாரைப் பாலம் இடிந்து, அவ்வழிப் போக்குவரத்து அறுந்தது நினைவிருக்கும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கடைகள் வாரக்கணக்கில் மூடிக்கிடந்தன. இத்தகைய காலங்களில் மாத வாடகைக்காரர் உரிமையாளரிடம் பேசிக் குறைக்கவோ தள்ளிவைக்கவோ முயலலாம். முழுப்பணமும் தந்துவிட்டவரிடம் பேசுவதற்குப் பிடி எதுவும் இல்லை. 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, வெள்ளத்தாலோ தீயாலோ கட்டடத்தின் முக்கியப் பகுதி அழிந்து நிரந்தரமாகப் பயன்படாமற் போனால் குத்தகையை முடித்துக்கொள்ள வாடகைதாரருக்கு உரிமை தருகிறது. வாடிக்கையாளர் வர வழியில்லை என்பது அதில் அடங்காது.

நாம் கடன் கொடுப்பவர் என்றால், கடன் கொடுப்பவர் கேட்கும் கேள்விகளையும் கேட்கவேண்டும். வங்கியில் 10 சதவீதத்துக்கு நகைக்கடன் கிடைக்கையில், உரிமையாளர் ஏன் 20 சதவீதம் தர முன்வருகிறார்? மாதாமாதம் வாடகை வசூலிக்கும் தொல்லை வேண்டாம், அறை ஆண்டு முழுவதும் காலியாகாது என்ற நிம்மதி போதும் என்பன நியாயமான காரணங்கள். தாம் போடும் வட்டிக்கணக்கு அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். அதுவே பெரும்பாலும் நடப்பது. ஆயினும் கட்டடம் ஏற்கெனவே கடனில் மூழ்கியிருக்கிறதா என்று பார்ப்பது தவறாகாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று பெறுங்கள். அதோடு அசல் ஆதாரத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஆதாரத்தை வங்கியில் ஒப்படைத்து வாங்கிய கடன் சில வேளைகளில் வில்லங்கச் சான்றில் தெரியாமற் போகக்கூடும். நகல் மட்டும் இருக்கிறது, அசல் இல்லை என்றால், அசல் எங்கே என்பதற்கு விடை வரும்வரை பணம் தரவேண்டாம். வாராக்கடனுக்காக 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டப்படி உரிமையாளருக்கு அறிவிப்பு வந்த பின்னர், கடன் கொடுத்த வங்கியின் இசைவின்றி அவர் புதிதாக வாடகைக்கு விட முடியாது. இடுக்கியில் பட்டய நிலத்தின் தன்மையையும் கேட்டறிவது நன்று. 2007-இல் மூணாற்றில் கட்டடங்கள் இடிக்கப்பட்டதை அப்பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது ஒப்பந்தத் தாள். நம் வழக்கில் வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதத்துக்கே எழுதப்படுகிறது. பதிவைத் தவிர்ப்பதே நோக்கம். 11 மாதத் தாளை வைத்துக்கொண்டு 12 மாத வாடகை தந்தால், நம் சலுகை முழுவதும் அடங்கியுள்ள அந்தப் பன்னிரண்டாம் மாதத்துக்குத் தாளே இல்லை. சரி, “ஆண்டு வாடகை 1,10,000” என்று எழுதிவிடலாமா? சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 107-ஆம் பிரிவின்படி, ஆண்டு வாடகை குறிப்பிடும் குத்தகை பதிவு செய்யப்பட்ட ஆவணத்தின் மூலமே செல்லும். ஆகவே இப்படிப்பட்ட ஏற்பாட்டைப் பதிவு செய்துகொள்வதே எங்கள் கருத்தில் சரியான வழி. முத்திரைக் கட்டணத்தையும் பதிவுக் கட்டணத்தையும் முன்னதாகவே விசாரித்து, தள்ளுபடியிலிருந்து கழித்துப் பாருங்கள்.

பதிவுக்கு வேறொரு பயனும் உண்டு. ஆண்டு நடுவில் கட்டடம் விற்கப்பட்டால், “மாத வாடகை எனக்கு வரவில்லை, பழைய உரிமையாளருக்கு நீங்கள் தந்தது அவருக்குக் கொடுத்த கைமாற்று” என்று புதியவர் வாதிட இடம் உண்டு. எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை வாடகை செலுத்தப்பட்டுவிட்டது, இடையில் வெளியேறினால் மீதி மாதங்களுக்கு எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும், விற்பனையானால் வாங்குபவர் இதற்குக் கட்டுப்பட்டவர் என்பனவற்றை ஒப்பந்தத்தில் எழுதச் செய்யுங்கள். பணத்தை ரொக்கமாகத் தராமல் வங்கிக் கணக்கு வழியே அனுப்பி, குறிப்பில் “ஜூன் முதல் மே வரை வாடகை” என்று சேருங்கள். அறைக்காக முன்பே தந்துள்ள முன்பணத்தை இதனோடு கலக்கவேண்டாம். அது திரும்பி வரவேண்டிய பணம், இது செலவாகித் தீரும் பணம்.

ஓராண்டுப் பணத்தை ஒருசேரத் தர மனம் ஒப்பாதவர்களுக்கு ஒரு நடுவழி உண்டு. ஆறு மாத வாடகையை முன்கூட்டித் தந்து, 2,500 ரூபாய் மட்டும் தள்ளுபடி கேட்கலாம். கூடுதலாகத் தருவது 47,500, அது சராசரியாக 3 மாதத்தில் திரும்பி விடுகிறது, கிடைப்பது 2,500. ஆண்டுக் கணக்கில் இதுவும் சுமார் 21 சதவீதமே. ஓராண்டில் இருமுறை செய்தால் மிச்சம் 5,000தான், பத்தாயிரம் வராது. ஆனால் எந்த நாளிலும் உரிமையாளரிடம் இருக்கும் நம் பணம் பாதிக்கும் குறைவு. டிசம்பரில் கடையை மூட நேர்ந்தாலும் கையைச் சுடாது. உரிமையாளர்களும், கல்விக் கட்டணத்துக்கு வேண்டிய தொகை அரை லட்சமே என்றால், இதற்கு எளிதில் இசைகிறார்கள்.