வட்டத் தூணுக்கு ரிங் கம்பி எவ்வளவு?

போர்டிகோவில் 300 மி.மீ. விட்டம், 3 மீட்டர் உயரத்தில் ஒரு வட்டத் தூண் எழுப்புவதாக வைத்துக்கொள்வோம். கான்கிரீட் கணக்கு எளிது. விட்டத்தை மீட்டரில் எடுத்து அதையே அதனால் பெருக்கி, 0.785-ஆலும் உயரத்தாலும் பெருக்கினால் 0.21 கன மீட்டர், அதாவது ஏழரை கன அடி. சிந்துவதற்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

தவறு நடப்பது ரிங்கில்தான். தூணின் விட்டத்தையே ரிங்குக்கும் எடுத்தால் கம்பி சென்ட்ரிங் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். பிறகு துருப்பிடித்து கான்கிரீட்டைப் பிளக்கும். சுற்றிலும் 40 மி.மீ. கவர் விட்டால், ரிங்கின் வெளிவிட்டம் 220. கம்பி 8 மி.மீ. என்பதால் அதன் நடுக்கோட்டு விட்டம் 212. அதை 3.14-ஆல் பெருக்க 666 மி.மீ.; இரு கொக்கிகளுக்கு 160 சேர்த்தால் ஒரு ரிங்குக்கு ஏறக்குறைய 830 மி.மீ. வெட்ட வேண்டும்.

150 மி.மீ. இடைவெளியில் 21 ரிங்குகள், மொத்தம் 17.4 மீட்டர். 8 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.395 கிலோ; ஆக, 7 கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

கம்பியின் தடிமனையும் இடைவெளியையும் பொறியாளரே முடிவு செய்யட்டும். கான்கிரீட் கொட்டும் முன் கவர் பிளாக்குகள் இருக்கின்றனவா என்று நீங்களே எட்டிப் பாருங்கள்.