மரக்காணம் முன்னே, மரம் பின்னே

‘அகரவரிசைப்படுத்துக’ என்ற பயிற்சி தொடக்கப் பள்ளித் தமிழ்ப் பாடத்தில் தவறாமல் வரும். அம்மா, ஆடு, இலை என்று முதல் எழுத்து மாறிக்கொண்டே போனால் பிள்ளைகள் நொடியில் முடித்துவிடுகிறார்கள். பல சொற்கள் ஒரே மாதிரி தொடங்கும்போதுதான் பென்சில் நின்றுவிடுகிறது. விழுப்புரம் மாவட்டத்தின் உப்பளக் கரையில் இருக்கும் மரக்காணத்துப் பிள்ளைகள் இதைப் பழக வேறு பாடம் தேட வேண்டாம், ஊர்ப்பெயரே போதும்.

மரக்கால், மரக்காணம், மரக்காயர். ஒன்று தானியம் அளக்கும் பழைய அளவை, ஒன்று ஊர், மற்றொன்று கடல் வணிகத்தோடு பெயர் சேர்ந்த சமூகம். கட்டம் போட்ட நோட்டில் இவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக, கட்டத்துக்கு ஓர் எழுத்தாக எழுதச் சொல்லுங்கள். ‘கா’வுக்கு ஒரே கட்டம்தான், துணைக்காலுக்குத் தனிக் கட்டம் கொடுத்தால் எல்லாம் குழம்பிவிடும். புள்ளி வைத்த ‘க்’குக்கும் ஒரு கட்டம் உண்டு. இப்போது ம, ர, க், கா என முதல் நான்கு கட்டங்கள் மூன்று சொற்களிலும் ஒன்றாகவே இருக்கும். அவற்றை அடித்துவிடலாம். ஐந்தாவது கட்டத்தில் ல், ண, ய நிற்கின்றன. மெய்யெழுத்து வரிசையில் ண், ய், ல் என்றுதான் வரும். ஆகவே மரக்காணம், மரக்காயர், மரக்கால். ஆறாவது கட்டத்தைப் பார்க்கவே தேவையில்லை. வேறுபாடு முதலில் தெரியும் இடத்தில் தீர்ப்பு முடிந்துவிடுகிறது.

முதல் எழுத்தோடு நின்றுவிடுவது பிள்ளைகளின் பழக்கம் மட்டுமல்ல. 1594இல் சிதம்பரம் இரேவண சித்தர் தொகுத்த அகராதி நிகண்டு, சொற்களை முதல் எழுத்தை வைத்தே அடுக்கியது. அடுத்தடுத்த எழுத்துகளையும் பார்க்கும் முறை பிறகு வந்தது.

அடுத்து மரக்கன்று, மரக்கலம், மரக்கறி, மரக்கட்டை. இங்கேயும் நான்கு எழுத்துகள் பொது. ஐந்தாவதாக ன், ல, றி, ட் வருகின்றன. பெரும்பாலான பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் இதுதான். ‘ன’வை ‘ண’வுக்குப் பக்கத்திலும் ‘ற’வை ‘ர’வுக்குப் பக்கத்திலும் வைத்துவிடுகிறார்கள். காதுக்கு அவை இணைகள். வரிசையிலோ ழ், ள் தாண்டிக் கடைசியில் நிற்பவை ற், ன் இரண்டும். சரியான அடுக்கு மரக்கட்டை, மரக்கலம், மரக்கறி, மரக்கன்று. பிள்ளை மரக்கன்றை மரக்கலத்துக்கு முன்னால் வைத்தால், அகரவரிசை தெரியவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். பதினெட்டு மெய்யையும் ஒருமுறை சொல்லச் சொன்னால் குறை எங்கே என்று தெரிந்துவிடும். இந்த நான்கும் மரக்காணத்துக்கு முன்னால் வரும். நான்காம் கட்டத்தில் ‘க’ முந்தியது, ‘கா’ பிந்தியது.

மரகதத்தை எங்கே வைப்பது? மூன்றாவது கட்டத்தில் அதற்கு ‘க’, மற்றவற்றுக்கு ‘க்’. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி முதலாக இன்றுள்ள வழக்கம், புள்ளி எழுத்தை முதலில் வைப்பது. ஆக ‘மரக்’ என்று தொடங்கும் கூட்டம் முழுவதும் போன பிறகே மரகதம்.

அதற்கும் வெகு பின்னால் வருவது மரம். பிள்ளைகளுக்கு இது அநியாயமாகப் படும். மரத்திலிருந்துதானே மரக்கட்டை வந்தது, சின்னச் சொல்தானே முதலில் வர வேண்டும் என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது, அதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். ஒரு சொல் முழுவதும் அப்படியே இன்னொரு சொல்லின் தொடக்கமாக இருந்தால் மட்டுமே சின்னது முந்தும். உப்பு, உப்புக்காற்று என்பதில் அப்படித்தான். மரக்கட்டையிலோ ‘ம்’ போய் ‘க்’ வந்துவிட்டது. மூன்றாவது கட்டத்தில் க், ம் இரண்டும் மோதுகின்றன, ‘க்’ ஜெயிக்கிறது. உப்பளக்காரர் உப்பளத்துக்கு முன்னால் வருவதும் இதனால்தான். உப்பு எவ்வளவு சின்னச் சொல்லாக இருந்தாலும் உப்பங்கழி, உப்பளம், உப்பாறு மூன்றுக்கும் பின்னால்தான் நிற்கும். ப, பா தாண்டித்தானே பு?

விடையைக் கணினியில் சரிபார்க்கும் ஆசிரியர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யூனிகோடு எண் வரிசையில் ‘ந’வை அடுத்து ‘ன’வும், ‘ர’வை அடுத்து ‘ற’வும் இருக்கின்றன. புள்ளிக்கான எண்ணோ எல்லா எழுத்துகளுக்கும் பின்னால் இருக்கிறது. தமிழ் வரிசை விதி சேர்க்கப்படாத மென்பொருள் அந்த எண்களை மட்டும் பார்த்து அடுக்கும்போது, மரக்கன்று மரக்கலத்தை முந்திவிடும், மரகதம் மரக்கட்டைக்கு மேலே ஏறிவிடும். பட்டியலில் மரகதம் மேலே தெரிந்தால் அதை வைத்து மதிப்பெண் போடக் கூடாது. பிள்ளையின் நோட்டில் உள்ள கட்டங்களையே ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்த வேண்டும்.