பிப்ரவரியில் தொலையும் 31-ஆம் தேதி

ஜனவரி 31-ஆம் தேதி ஒருவர் மாதச் சந்தா கட்டிச் சேருகிறார். அடுத்த பில் எந்தத் தேதியில் வர வேண்டும்? பிப்ரவரிக்கு 31 கிடையாது. அதனால் விதி ஒன்றை மனிதர்கள்தான் வகுக்க வேண்டியிருக்கிறது.

செல்போன் ரீசார்ஜுக்கு அந்த விதியை டிராய் 2022-இல் வகுத்தது. 28 நாள் திட்டங்களால் ஆண்டுக்கு 13 முறை ரீசார்ஜ் செய்ய வேண்டியிருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் குறைப்பட்டிருந்தார்கள். மாதந்தோறும் ஒரே தேதியில் புதுப்பிக்கக்கூடிய திட்டங்களையும் நிறுவனங்கள் தர வேண்டும் என்றது டிராய். அந்தத் தேதி இல்லாத மாதத்தில் கடைசி நாளே புதுப்பிக்கும் நாள்.

விதி எளிதுதான். அதைக் கணினியில் எழுதும்போதுதான் தவறு நுழைகிறது. எக்செல் தாளில் A1 கட்டத்தில் 31-01-2025 என்று போட்டு, A2-இல் இந்தச் சூத்திரத்தை எழுதிக் கீழே இழுத்துப் பார்க்கலாம்.

```
=EDATE(A1,1)
```

A2-இல் பிப்ரவரி 28 வரும், அது சரி. A3-இல் மார்ச் 28, A4-இல் ஏப்ரல் 28. மார்ச்சில் 31 இருந்தும் பில் அதற்குத் திரும்பவில்லை. ஒவ்வொரு கட்டமும் தனக்கு மேலே உள்ள தேதியை மட்டுமே பார்க்கிறது. பிப்ரவரியைத் தாண்டியதும் 31 என்பது யாருக்கும் நினைவில் இல்லை. அடுத்த பில் தேதியை மட்டும் சேமித்து வைக்கும் மென்பொருள்களில் நடப்பதும் இதுவே. வாடிக்கையாளருக்கு அந்த மார்ச்சில் மூன்று நாள் நஷ்டம்.

இதற்கு மாற்று, சேர்ந்த தேதியை ஒருபோதும் அழிக்காமல் வைத்து, ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே எண்ணுவது:

```
=EDATE($A$1,2)
```

இது மார்ச் 31 தரும். 2 என்பதை 3 ஆக்கினால் ஏப்ரல் 30, 4 ஆக்கினால் மே 31. பிப்ரவரியின் குறுக்கம் அந்த ஒரு மாதத்தோடு நின்றுவிடுகிறது.

இன்னொரு வகைத் தவறும் உண்டு. ஜாவாஸ்கிரிப்ட், பி.எச்.பி. மொழிகளில் மாதத்தை மட்டும் ஒன்று கூட்டினால், அவை "பிப்ரவரி 31" என்று எடுத்துக்கொண்டு, மிஞ்சும் நாள்களை அடுத்த மாதத்தில் தள்ளும். 2025-க்கு விடை மார்ச் 3. பிப்ரவரியில் பில்லே போகாது.

மாதக் கடைசியில் சேர்ந்தவருக்கு எப்போதும் மாதக் கடைசியே என்று வைத்தால் போதாதா? ஆரக்கிளின் ADD_MONTHS அப்படித்தான் செய்கிறது. ஆனால் பிப்ரவரி 28-இல் சேர்ந்தவரையும் அது மார்ச் 31-க்குக் கொண்டுபோகும். அவர் கேட்டது 28-ஆம் தேதியா, மாதக் கடைசியா என்பது தேதியை மட்டும் பார்த்தால் தெரியாது. ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும்.

பழைய கணக்குகளில் தேதி நகர்ந்திருக்கிறதா என்று அறிய, முதல் பில்லின் தேதியையும் இப்போதைய பில் தேதியையும் ஒப்பிட்டால் போதும். 29, 30, 31-இல் தொடங்கியவர்கள் 28-இல் குவிந்திருந்தால், முதல் பில்லிலிருந்து தேதியை எடுத்து மீட்டுவிடலாம்.