பர்பீ எடுக்கும்போது முதலில் சோர்வது எது?

பர்பீயின் அசைவுகள்

பஸ்கி போல உட்கார்ந்து கைகளைத் தரையில் ஊன்ற வேண்டும். கால்களைப் பின்னால் உதைத்து பிளாங்க் நிலைக்குப் போக வேண்டும். ஒரு தண்டால் எடுத்து, கால்களை முன்னே இழுத்து, எழுந்து குதிக்க வேண்டும். இதுதான் இன்றைய பர்பீ. நியூயார்க்கைச் சேர்ந்த உடலியல் ஆய்வாளர் ராயல் ஹெச். பர்பீ 1930களில் இதை உடல்தகுதிச் சோதனையாக உருவாக்கியபோது தண்டாலும் குதிப்பும் இதில் இல்லை. நான்கே முறை செய்யச் சொல்லி, இதயத்துடிப்பு எப்படி மாறுகிறது என்று பார்த்தார். பிற்பாடு வந்து சேர்ந்த தண்டால்தான் பலரையும் பாதியில் நிறுத்துகிறது.

கை ஏன் முந்திக்கொள்கிறது?

தண்டாலில் உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கைகள் தாங்குகின்றன. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது சுமார் 40 கிலோ. தொடையும் பிட்டமும் பெரிய தசைகள். நடப்பதிலும் படியேறுவதிலும் தினமும் பழகியவை. மேற்கையின் பின்புறமுள்ள ட்ரைசெப்ஸும் தோளின் முன்பக்கத் தசையும் சிறியவை.

ஒருவரால் 30 பஸ்கி போட முடியும், தண்டால் 10தான் முடியும் என்று வைத்துக்கொள்வோம். அவர் 15 பர்பீ எடுக்கத் தொடங்கினால், கால்களில் தெம்பு மிச்சமிருக்கும்போதே, எட்டாவது ஒன்பதாவது வாக்கில் முழங்கைகள் பக்கவாட்டில் விரியும்; மார்பு தரையில் பொத்தென்று விழும். பெரிய தசைகள் எல்லாம் சேர்ந்து ஆக்சிஜன் கேட்பதால் அதற்குள் மூச்சும் இரைக்கும். உடம்பே ஓய்ந்துவிட்டது என்று அவர் நினைப்பார். உண்மையில் தீர்ந்துபோனது கையின் வலு.

சத்தமில்லாமல் சோரும் வயிறு

எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். கை சோர்ந்தால் எரிச்சல் தெரியும். வயிற்றுத் தசை சோர்ந்தால் பெரும்பாலும் எதுவும் தெரியாது. கால்களைப் பின்னால் உதைக்கும் கணத்தில் இடுப்பு தொய்ந்து, கீழ்முதுகு உள்வளையும். அதே வளைவு ஒவ்வொரு சுற்றிலும் திரும்பினால் மறுநாள் முதுகு வலிக்கலாம். பக்கவாட்டில் செல்போனை வைத்துப் படம் பிடித்துப் பாருங்கள். தோள், இடுப்பு, குதிகால் மூன்றும் ஒரே கோட்டில் நிற்காத சுற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எதைக் குறைக்கலாம்?

கை ஓய்ந்தால் தண்டாலை மட்டும் விட்டுவிடலாம், அல்லது அசையாத பெஞ்சில் கைகளை ஊன்றலாம். இடுப்பு தொய்ந்தால் உதைப்பதற்குப் பதில் கால்களை ஒவ்வொன்றாகப் பின்னால் வையுங்கள். குதித்து இறங்கும் சத்தம் பலமானால் தொடையும் கெண்டைக்காலும் அதிர்ச்சியை வாங்கவில்லை. குதிக்காமல் எழுந்து நின்றால் போதும். தண்டாலில் மேலே தள்ளும்போது மூச்சை வெளியே விடுங்கள். அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென ஏறும். ஏற்கெனவே ரத்த அழுத்தமோ இதயநோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே பர்பீயைத் தொடங்க வேண்டும்.